அமெரிக்க 401(k) கணக்கோடு ஊர் திரும்புகிறீர்களா? வருமான வரி வேலையை எந்த வரிசையில் முடிப்பது

அமெரிக்காவில் பத்துப் பதினைந்து வருடம் வேலை பார்த்துவிட்டு நிரந்தரமாக ஊர் திரும்புபவர்கள் வீடு, கார், பிள்ளைகளின் பள்ளி எல்லாவற்றையும் யோசித்து முடிக்கிறார்கள். 401(k) ஓய்வூதியக் கணக்கை மட்டும் "அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். கணக்கு அங்கேயே இருப்பதில் தவறில்லை. அந்நியச் செலாவணிச் சட்டமும் அதை அனுமதிக்கிறது. ஆனால் இந்திய வருமான வரியில் அதற்கென்று சில வேலைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் இருக்கிறது. காலம் தவறினால், கைக்கு வராத பணத்துக்கு வரி கட்ட நேரலாம்.

நான் திரும்பி வந்தபோது இதைத் தட்டுத் தடுமாறித்தான் முடித்தேன். அதன்பின் சொந்தத்திலும் நட்பிலும் சிலருக்கு உடன் இருந்து செய்து கொடுத்தேன். எல்லோரும் ஏறக்குறைய அதே இடங்களில்தான் இடறினார்கள். அதில் என் சித்தப்பா மகனின் கணக்கை இந்த வழிகாட்டி முழுக்க உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். கணக்குத் தொகைகளை மட்டும் முழு எண்களாக மாற்றியிருக்கிறேன்.

அவன் விவரம் இது. 2008-இல் எச்-1பி விசாவில் போனான். கிரீன் கார்டு வாங்கவில்லை. 2022 ஜூன் 10 அன்று குடும்பத்தோடு கோயம்புத்தூர் வந்து சேர்ந்தான். வந்தபின் ஒருநாள்கூட வெளிநாடு போகவில்லை.

## 1. கிளம்பும் முன்பே: கணக்குகளை ஒன்று சேர்ப்பது

மூன்று கம்பெனியில் வேலை பார்த்தவருக்கு மூன்று 401(k) இருக்கும். அவற்றை ஒன்றாக்கி ஐ.ஆர்.ஏ. என்ற தனிநபர் ஓய்வூதியக் கணக்குக்கு மாற்ற வேண்டுமென்றால், அமெரிக்காவை விட்டுக் கிளம்பும் முன்பே செய்யுங்கள்.

காரணம், பின்னால் நாம் வாங்கப்போகும் வரிச் சலுகையின் விதிதான். இந்திய வருமான வரிச் சட்டம், 1961-இன் 89A பிரிவு, கணக்கு எப்போது தொடங்கப்பட்டது என்று பார்க்கிறது. நீங்கள் இந்தியாவில் ரெசிடென்ட்டாக இல்லாமல், அந்த நாட்டில் ரெசிடென்ட்டாக இருந்த காலத்தில் தொடங்கிய கணக்காக இருக்க வேண்டும். ஊருக்கு வந்து இரண்டு வருடம் கழித்துப் புதிதாக ஒரு ஐ.ஆர்.ஏ. திறந்து, பழைய 401(k) பணத்தை அதில் போட்டால், அமெரிக்க வரியில் ஒரு சிக்கலும் வராது. இந்தியச் சலுகைக்கு மட்டும் அந்தப் புதிய கணக்கு இந்த வரையறைக்குள் வராது.

கணக்குகள் மூன்றாகவே இருந்தாலும் பரவாயில்லை. ஊர் வந்தபின் ஒன்றாக்குவதைவிட அது எவ்வளவோ மேல்.

கிளம்பும் முன் இன்னொரு வேலை. ஒவ்வொரு கணக்கும் தொடங்கிய தேதி, கணக்கு எண், நிறுவனத்தின் முகவரி மூன்றும் உள்ள அறிக்கையைத் தரவிறக்கி வையுங்கள். என் பழைய கம்பெனி திட்ட நிர்வாகியை மாற்றியபோது, முந்தைய நிர்வாகியின் தளத்தில் இருந்த ஆறு வருட அறிக்கைகள் எனக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை.

## 2. நாட்களை எண்ணி உங்கள் நிலையை முடிவு செய்வது

மற்ற எல்லாப் படிகளும் இதன் மேல்தான் நிற்கின்றன. இதை அவசரமாகச் செய்யாதீர்கள்.

திரும்பி வந்த உடனே உங்கள் வெளிநாட்டு வருமானத்தின் மேல் இந்திய வரி பாய்ந்துவிடாது. நடுவில் ஒரு படி இருக்கிறது. ரெசிடென்ட், ஆனால் சாதாரணமாக இங்கே வசிப்பவர் அல்ல என்ற நிலை. ஆடிட்டர்கள் இதை ஆர்.என்.ஓ.ஆர். என்பார்கள். இந்த நிலையில் இருக்கும்வரை, வெளிநாட்டில் விளைந்து வெளிநாட்டிலேயே கைக்கு வந்த வருமானத்துக்கு இங்கே வரி இல்லை. அதைத் தாண்டிவிட்டால் நீங்கள் முழு ரெசிடென்ட். உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே காட்ட வேண்டும்.

ஆர்.என்.ஓ.ஆர். ஆக இருக்க, கீழே உள்ள இரண்டில் ஒன்று பொருந்தினால் போதும்:

- அந்த நிதியாண்டுக்கு முந்தைய 10 நிதியாண்டுகளில் 9-இல் நீங்கள் என்.ஆர்.ஐ. ஆக இருந்திருக்க வேண்டும்.
- அல்லது, முந்தைய 7 நிதியாண்டுகளில் இந்தியாவில் இருந்த நாட்கள் மொத்தம் 729-ஐத் தாண்டக் கூடாது.

தம்பியின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2022-23-இல் ஜூன் 10 முதல் மார்ச் 31 வரை 295 நாள் இங்கே இருந்தான். 182 நாளைத் தாண்டியதால் ரெசிடென்ட். முந்தைய பத்து வருடமும் என்.ஆர்.ஐ. என்பதால் ஆர்.என்.ஓ.ஆர். 2023-24-இல் முந்தைய பத்தில் ஒன்பது வருடம் என்.ஆர்.ஐ. அதுவும் ஆர்.என்.ஓ.ஆர். இதுவரை சிக்கல் இல்லை.

2024-25-இல்தான் பிரச்சினை. முந்தைய பத்தில் எட்டு வருடம்தான் என்.ஆர்.ஐ. முதல் நிபந்தனை போய்விட்டது. அவன் ஆடிட்டர் அதோடு நிறுத்திக்கொண்டு "நீங்கள் முழு ரெசிடென்ட்" என்று சொல்லிவிட்டார். "அண்ணா, ரெண்டு வருஷம்தான் சலுகையாம், முடிஞ்சு போச்சு" என்று தம்பி போனில் சொன்னான்.

இரண்டாவது நிபந்தனையை யாரும் பார்க்கவில்லை. அன்று மாலை அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பழைய பாஸ்போர்ட், புதிய பாஸ்போர்ட் இரண்டையும் விரித்து முத்திரைகளை ஒவ்வொன்றாக எழுதினோம். 2017-18 முதல் 2021-22 வரை ஐந்து வருடத்தில் இரண்டே முறைதான் வந்திருந்தான். ஒரு முறை 24 நாள், இன்னொரு முறை 31 நாள். ஒரு முத்திரை மங்கலாக இருந்ததால், விமான டிக்கெட் மின்னஞ்சலைத் தேடி எடுத்துத் தேதியை உறுதி செய்தோம்.

கூட்டினால்: 24 + 31 = 55. அதோடு 2022-23-இன் 295, 2023-24-இன் 366. மொத்தம் 716. அதாவது 729-க்குள். 2024-25-இலும் அவன் ஆர்.என்.ஓ.ஆர்.தான். இன்னும் 14 நாள் கூடுதலாக ஊருக்கு வந்திருந்தால் அந்த வருடம் கைநழுவியிருக்கும்.

2025-26-இல் இரண்டு நிபந்தனையும் பொருந்தவில்லை. அது அவனுடைய முதல் முழு ரெசிடென்ட் வருடம். இந்த ஒரு வருடத்தை ஒரு தாளில் பெரிதாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் எல்லாம் அதைச் சுற்றித்தான்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறுகள் இரண்டு. முதலாவது, அமெரிக்கப் பழக்கத்தில் ஜனவரி முதல் டிசம்பர் வரை எண்ணுவது. இந்தியாவுக்கு ஏப்ரல் முதல் மார்ச். இரண்டாவது, வந்த நாளையும் போன நாளையும் விட்டுவிட்டு எண்ணுவது. இரண்டையும் சேர்த்தே எண்ணுங்கள். அப்படி எண்ணியும் 729-க்குள் வந்தால் யாரும் கேள்வி கேட்க முடியாது.

## 3. ஆர்.என்.ஓ.ஆர். காலத்திலேயே எடுத்துவிடலாமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. இங்கேதான் வரி இல்லையே, இப்போதே எடுத்துவிட்டால் என்ன?

இங்கே வரி இல்லை, அங்கே இருக்கிறது. 59½ வயதுக்கு முன் எடுத்தால் வழக்கமான அமெரிக்க வரியோடு 10 சதவீதம் கூடுதல் வரியும் உண்டு. 55 வயதிலோ அதற்குப் பிறகோ அந்த வேலையை விட்டவர்களுக்கு, அந்தக் கம்பெனியின் 401(k)-க்கு மட்டும் இந்தக் கூடுதல் வரி இல்லை. ஐ.ஆர்.ஏ. கணக்குக்கு அந்த விலக்கும் கிடையாது.

தம்பிக்கு வயது 50. ஒரு லட்சம் டாலர் எடுத்திருந்தால், 2025-ஆம் ஆண்டு வரி அடுக்குகளின்படி அமெரிக்க வரி சுமார் 16,900 டாலர். கூடுதல் வரி 10,000. மொத்தம் 26,900 போய்விடும்.

இதற்கு எதிராக அவன் மிச்சப்படுத்துவது என்ன? அடுத்த படியில் பார்க்கப் போகிறோம்: சலுகையைச் சரியாக வாங்கிவிட்டால், என்.ஆர்.ஐ. மற்றும் ஆர்.என்.ஓ.ஆர். காலத்தில் சேர்ந்த பணத்துக்குப் பின்னாளில் எடுக்கும்போதும் இந்திய வரி இல்லை. முழு ரெசிடென்ட் ஆனபின் வளர்ந்த பகுதிக்கு மட்டும்தான். ஆகவே, வழக்கமான 401(k)-யை அபராதம் கட்டி அவசரமாக எடுப்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை. 59½ தாண்டியவர் என்றால் கதை வேறு. அவர் ஆர்.என்.ஓ.ஆர். காலத்தில் தேவையான அளவு எடுத்துக்கொள்வது நல்ல கணக்குத்தான்.

எடுப்பதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. பணத்தை நேரடியாக இந்திய வங்கிக் கணக்குக்கு வரவழைக்காதீர்கள். ஆர்.என்.ஓ.ஆர். சலுகை வெளிநாட்டில் கைக்கு வந்த வருமானத்துக்குத்தான். முதன்முதலில் இந்தியாவில் வந்து விழுந்தால், "இது இந்தியாவில் பெற்ற வருமானம்" என்று வரித்துறை சொல்ல இடம் கொடுத்தவர் ஆவீர்கள். முதலில் அமெரிக்க வங்கிக் கணக்குக்கு வரட்டும். அப்புறம் அங்கிருந்து அனுப்புங்கள்.

## 4. கடைசி ஆர்.என்.ஓ.ஆர். வருடத்தின் மார்ச் 31 அறிக்கை

முழு ரெசிடென்ட் ஆகும் முதல் நாளுக்கு முந்தைய நாள் கணக்கில் எவ்வளவு இருந்தது? தம்பிக்கு அந்தத் தேதி 2025 மார்ச் 31. தொகை 2,40,000 டாலர்.

இந்த எண்தான் பின்னாளில் அவனுடைய கேடயம். 89A-க்கான விதி 21AAA சொல்வது இது: நீங்கள் என்.ஆர்.ஐ. ஆகவோ ஆர்.என்.ஓ.ஆர். ஆகவோ இருந்ததால் அப்போது இந்தியாவில் வரிக்கு வராத வருமானம், பணம் எடுக்கும் வருடத்திலும் வரிக்கு வராது. ஆனால் எது அந்தப் பழைய பகுதி என்று காட்ட வேண்டியது நீங்கள்தான். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து அதை நிரூபிக்க ஒரே ஆதாரம் அந்த நாளின் அறிக்கை.

பெரும்பாலான நிறுவனங்கள் காலாண்டு அறிக்கை தருவதால் மார்ச் 31 தேதியிட்ட தாள் தானாகவே இருக்கும். அதை அச்செடுத்து, பாஸ்போர்ட் நாள் கணக்கோடு சேர்த்து ஒரே உறையில் போட்டு வையுங்கள். டிசம்பர் 31 அறிக்கையை மட்டும் வைத்திருந்த ஒருவருக்கு, நடுவில் இருந்த மூன்று மாத வளர்ச்சியைப் பிரித்துக் காட்ட ஒரு வாரம் மெனக்கெட வேண்டியிருந்தது.

## 5. அமெரிக்க நிறுவனத்துக்கு உங்கள் நிலையைச் சொல்வது

அமெரிக்காவைப் பொறுத்தவரை நீங்கள் இப்போது வெளிநாட்டவர். கணக்கு வைத்திருக்கும் நிறுவனத்துக்கு W-8BEN படிவம் கொடுத்து இந்திய முகவரியைப் பதிவு செய்யுங்கள்.

மைத்துனர் வீட்டு நியூ ஜெர்சி முகவரியை அப்படியே விட்டுவைப்பவர்கள் நிறையப் பேர். நிறுவனம் உங்களை அமெரிக்க ரெசிடென்ட் என்றே நினைத்து, அதற்கான பிடித்தத்தையும் படிவத்தையும் அனுப்பும். பிறகு இந்தியாவில் அந்த வரிக்குக் கழிவு கேட்கும்போது, உங்கள் தாள்களில் ஒன்று அமெரிக்க வாசி என்றும் இன்னொன்று இந்திய வாசி என்றும் சொல்லும்.

சில நிறுவனங்கள் இந்திய முகவரி கொடுத்ததும் புதிய முதலீடு வாங்குவதை நிறுத்திவிடும். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பண்டுகளை நிலையாக விடக்கூடிய ஒன்றுக்கு முன்பே மாற்றி வையுங்கள்.

கிரீன் கார்டு இன்னும் கையில் இருப்பவர்களுக்கும் குடியுரிமை பெற்றவர்களுக்கும் W-8BEN பொருந்தாது. அமெரிக்கா அவர்களைத் தன் ரெசிடென்ட்டாகவே வரி போடும். கிரீன் கார்டைக் கடந்த 15 வருடத்தில் 8 வருடம் வைத்திருந்தவர்கள் அதைத் திருப்பிக் கொடுக்கும் முன் வெளியேறும் வரி பற்றித் தனி ஆலோசனை பெற வேண்டும். அது இந்த வழிகாட்டிக்குள் அடங்காது.

## 6. படிவம் 10-EE

இதுதான் நடுநாயகமான படி. தவறவிட்டவர்களும் இங்கேதான் அதிகம்.

சிக்கல் எங்கிருந்து வருகிறது என்று முதலில் சொல்கிறேன். அமெரிக்கா 401(k)-க்குள் வருடா வருடம் சேரும் வருமானத்துக்கு வரி கேட்பதில்லை, எடுக்கும்போதுதான் கேட்கிறது. இந்தியா, முழு ரெசிடென்ட் ஒருவருக்குச் சேரும் வருமானத்தை அந்தந்த வருடமே பார்க்கிறது. இப்போது இங்கே கட்டிவிட்டு, பன்னிரண்டு வருடம் கழித்து அங்கே கட்டினால், ஒன்றுக்கு ஒன்று கழிக்க வழியில்லை. இதைத் தீர்க்கத்தான் 2021 நிதிச் சட்டத்தில் 89A பிரிவு வந்தது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றையும் இதற்காக அறிவித்திருக்கிறார்கள். இந்தப் பிரிவைத் தேர்ந்தெடுத்தால், அந்த நாடு வரி போடும் அதே வருடத்தில்தான் இந்தியாவும் வரி போடும்.

தேர்ந்தெடுப்பது என்பது படிவம் 10-EE தாக்கல் செய்வதுதான். தானாக நடக்காது.

வருமான வரித் தளத்தில் நுழைந்து இந்த வழியில் போங்கள்:

```
e-File > Income Tax Forms > File Income Tax Forms > Form 10EE
```

மதிப்பீட்டு ஆண்டில் கவனம். தம்பியின் முதல் முழு ரெசிடென்ட் வருடம் 2025-26. அதற்கு மதிப்பீட்டு ஆண்டு 2026-27. கடைசி நாள், உங்கள் வரிக்கணக்குத் தாக்கலின் கடைசி நாளேதான். அவனுக்கு 2026 ஜூலை 31. முதலில் 10-EE, அதன் ஒப்புகை எண்ணைக் குறித்துக்கொண்டு அப்புறம் வரிக்கணக்கு. இந்த வரிசை மாறினால், கணக்கில் கேட்ட சலுகைக்குப் பின்னால் படிவம் இல்லாமல் போய், கணினி அதை வெட்டிவிட வாய்ப்புண்டு.

எல்லாக் கணக்குகளையும் எழுதுங்கள். பழைய கம்பெனியில் மறந்து போன நாலாயிரம் டாலர் கணக்கும் சேர்த்துத்தான். இந்தத் தேர்வு நீங்கள் வைத்திருக்கும் தகுதியான கணக்குகள் அனைத்துக்கும் சேர்த்துச் செய்வது. ஒன்றை எடுத்து ஒன்றை விட முடியாது. நிரப்பியதும் மின்னணுச் சரிபார்ப்பை முடித்தால்தான் தாக்கல் ஆனதாகக் கணக்கு. "சப்மிட் பண்ணிட்டேன்" என்று நினைத்து, சரிபார்க்காமல் விட்டவரை நான் பார்த்திருக்கிறேன்.

தவறவிட்டால் என்ன ஆகும்? தம்பியின் கணக்கில் 2025-26-இல் டிவிடெண்ட், வட்டி, பண்டு மாற்றிய லாபம் எல்லாமாக 9,000 டாலர் சேர்ந்தது என்று வையுங்கள். டாலர் 85 ரூபாய் என்று கணக்குப் போட்டால் 7,65,000 ரூபாய். சம்பளமே 24 லட்சத்துக்கு மேல் என்பதால் அவன் 30 சதவீத அடுக்கில் இருக்கிறான். செஸ் சேர்த்து 2,38,680 ரூபாய் வரி, ஒரு ரூபாய்கூடக் கைக்கு வராமலேயே. அடுத்த வருடம் தாக்கல் செய்தால் அந்த வருடத்திலிருந்து சலுகை கிடைக்கும். விட்டுப்போன வருடத்தின் வருமானம் அந்த வருடத்துக்கே உரியது. அதற்கு வரி கட்டியிருந்தால், பின்னால் எடுக்கும்போது அந்தப் பகுதி மறுபடி வரிக்கு வராது.

ஒருமுறை தேர்ந்தெடுத்தால் அடுத்த வருடங்களுக்கும் அதுவே தொடரும், திரும்பப் பெற முடியாது.

கையெழுத்துப் போடும் முன் ஒன்றை வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். மறுபடி வெளிநாடு போகும் எண்ணம் இருக்கிறதா? படிவம் கொடுத்தபின் நீங்கள் மீண்டும் என்.ஆர்.ஐ. ஆனால், தேர்வு நடக்கவே இல்லை என்று விதி எடுத்துக்கொள்ளும். தேர்ந்தெடுத்த வருடம் முதல், என்.ஆர்.ஐ. ஆகும் வருடத்துக்கு முந்தைய வருடம் வரை கணக்கில் சேர்ந்த வருமானம் முழுவதும் மொத்தமாக வரிக்கு வந்துவிடும். ஐந்து வருடம் தள்ளி வைத்த வரி ஒரே நேரத்தில் வந்து நிற்கும். இரண்டு வருடத்தில் திரும்பப் போகும் யோசனையில் இருப்பவர், தேர்வு செய்வதால் பெரிய லாபம் இல்லை என்பதைப் புரிந்துகொண்டு, அதற்கான பணத்தை ஒதுக்கி வைக்க வேண்டும்.

2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம், 2025 நடைமுறைக்கு வந்துவிட்டது. இந்தச் சலுகை அதிலும் இருக்கிறது, பிரிவு, விதி, படிவ எண்கள்தான் வேறு. 2025-26 வருடத்தின் வருமானம் பழைய சட்டத்தின்படியே என்பதால், மேலே சொன்ன எண்கள் அந்த வருடத்துக்கு அப்படியே பொருந்தும். அதற்குப் பிந்தைய வருடம் முழு ரெசிடென்ட் ஆகிறவர்கள் புதிய எண்ணைத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

## 7. வரிக்கணக்கில் காட்டுவது

முழு ரெசிடென்ட் ஆனபின்னும் ITR-1 உங்களுக்கு இல்லை. வெளிநாட்டுச் சொத்து இருப்பதால் ITR-2, தொழில் வருமானம் இருந்தால் ITR-3.

அதில் Schedule FA என்ற பகுதியில் 401(k)-யைக் காட்ட வேண்டும். வரியைத் தள்ளி வைக்கத்தான் 10-EE. சொத்தை அறிவிக்கும் கடமையிலிருந்து அது விடுவிக்காது. இதை இரண்டையும் ஒன்றாக நினைத்து விட்டுவிடுவது பெரிய தவறு. கருப்புப் பணச் சட்டம், 2015-இன்படி காட்டாமல் விட்டதற்கு அபராதம் 10 லட்சம் ரூபாய். நிலம், வீடு தவிர்த்த வெளிநாட்டுச் சொத்து மொத்தம் 20 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் இந்த அபராதம் இல்லை என்று 2024-இல் தளர்த்தினார்கள். பெரும்பாலான 401(k) கணக்குகள் அதைத் தாண்டியே இருக்கும்.

இந்தப் பகுதி மட்டும் காலண்டர் வருடத்தைப் பின்பற்றுகிறது. 2025-26 வரிக்கணக்கில் 2025 டிசம்பர் 31-இல் முடிந்த வருடத்தின் உச்சத் தொகையும் இறுதித் தொகையும் வேண்டும். எந்த அட்டவணையில் போடுவது என்பதில் ஆடிட்டர்களிடையே பழக்கம் மாறுகிறது. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் வருடா வருடம் அதிலேயே காட்டுங்கள். மாற்றி மாற்றிப் போட்டால்தான் கேள்வி வரும்.

ஆர்.என்.ஓ.ஆர். ஆக இருக்கும் வருடங்களில் Schedule FA தேவையில்லை. பயத்தில் நிரப்பிவிட்டால், முழு ரெசிடென்ட் என்று நீங்களே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும்.

வருமானப் பகுதியில், அறிவிக்கப்பட்ட நாட்டின் ஓய்வூதியக் கணக்கிலிருந்து வரும் 89A வருமானத்துக்கென்று தனிக் கட்டம் இருக்கும். வருமானத்தை அங்கே காட்டி, சலுகையை அதற்குரிய இடத்தில் கழிக்க வேண்டும். பின்னாளில் எடுக்கும் வருடத்துக்கு, "முன்பு சலுகை கேட்டு இப்போது வரிக்கு வரும் தொகை" என்று இன்னொரு கட்டமும் அதே இடத்தில் உண்டு.

## 8. பணம் எடுக்கும் வருடம்

தம்பி 60 வயதில் 50,000 டாலர் எடுப்பதாக வையுங்கள். அப்போது கணக்கில் 4,80,000 டாலர் இருக்கிறது. மார்ச் 31 அறிக்கையின்படி பழைய பகுதி 2,40,000. சரி பாதி.

எடுத்த பணத்தில் எது பழையது, எது புதியது? விதியில் இதற்கு வரிசை சொல்லப்படவில்லை. விகிதப்படி பிரிப்பதுதான் நியாயமாக நிற்கும் வழி. ஆகவே 25,000 டாலர் பழையது, இந்தியாவில் வரி இல்லை. மற்ற 25,000 இந்தியாவில் வரிக்கு வரும். அடுத்தடுத்த வருடங்களுக்கு, பழைய பகுதியில் மீதி 2,15,000 என்று குறித்து வைக்க வேண்டும்.

இப்போது அமெரிக்கப் பக்கம். வெளிநாட்டவர் என்பதால் நிறுவனம் 30 சதவீதம், அதாவது 15,000 டாலர் பிடித்துக்கொண்டு 1042-S படிவம் அனுப்பும். பலர் இதோடு விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். அமெரிக்காவில் செய்த வேலைக்காக வரும் ஓய்வூதியம் அங்குள்ள தொழிலோடு தொடர்புடைய வருமானமாகக் கருதப்படுகிறது. அதற்குச் சாதாரண அடுக்கு விகிதம்தான். வெளிநாட்டவருக்கான அமெரிக்க வரிக்கணக்குப் படிவமான 1040-NR தாக்கல் செய்தால், 2025 அடுக்குகளின்படி 50,000 டாலருக்கு வரி 5,914 டாலர். மீதி 9,086 திரும்ப வரும்.

இந்தியாவில் கழிவு கேட்கும்போது எடுக்க வேண்டியதும் அந்த இறுதி வரியைத்தான். பிடித்த 15,000-ஐக் காட்டிவிட்டு, அமெரிக்காவில் 9,086-ஐத் திரும்ப வாங்கியிருந்தால் அது தவறான கழிவு. இன்னொன்று: பழைய பகுதி இந்தியாவில் வரிக்கே வராததால், அதற்குக் கட்டிய அமெரிக்க வரியைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று விதி 21AAA தெளிவாகச் சொல்கிறது. ஆகவே பாதி, 2,957 டாலர் மட்டும். அதைப் படிவம் 67-இல் காட்டி, வரிக்கணக்கின் Schedule FSI, Schedule TR பகுதிகள் இரண்டிலும் அதே எண்ணை எழுதுங்கள். வரியை ரூபாயாக்க, வரி கட்டிய மாதத்துக்கு முந்தைய மாதத்தின் கடைசி நாளில் ஸ்டேட் வங்கி வைத்திருந்த டெலிகிராபிக் ட்ரான்ஸ்ஃபர் வாங்கும் விகிதத்தை எடுங்கள். கூகுளில் வரும் விகிதம் வேண்டாம்.

மொத்தமாக எடுக்காமல் மாதாமாதம் பென்ஷன் போல வாங்குபவர்களுக்கு இந்திய அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 20-ஆவது பிரிவு வேறு வழி வைத்திருக்கிறது. முந்தைய வேலைக்காகக் குறிப்பிட்ட இடைவெளியில் வரும் பென்ஷன், பெறுபவர் வசிக்கும் நாட்டில் மட்டுமே வரிக்கு வரும். ஒரே தடவையில் எடுக்கும் தொகைக்கு இதைக் கேட்க முடியாது, ஏனென்றால் அது இடைவெளி விட்டு வரும் பணம் அல்ல. அதே பிரிவின்படி அமெரிக்க சோஷியல் செக்யூரிட்டித் தொகைக்கு அமெரிக்கா மட்டுமே வரி போடலாம். இந்தியாவில் வரி கேட்கும் உரிமை இல்லை.

## 9. இந்த வழியில் வராத கணக்குகள்

அமெரிக்க வரி கட்டிய பணத்தைப் போட்டு வைக்கும் ராத் ஓய்வூதியக் கணக்குகள் முதலாவது. 89A-இன் வரையறை, எடுக்கும்போது அந்த நாடு வரி போடும் கணக்கைத்தான் சொல்கிறது. ராத் கணக்கில் விதிப்படி எடுத்தால் அமெரிக்கா வரி போடுவதில்லை. ஆகவே அந்த வார்த்தைகளுக்குள் ராத் அடங்கவில்லை. முழு ரெசிடென்ட் ஆனபின் அதற்குள் சேரும் வருமானம் வருடா வருடம் இந்திய வரியின் பார்வையில் இருக்கும். 59½ தாண்டி, ராத் கணக்கு தொடங்கி ஐந்து வருடம் ஆக வேண்டும் என்ற நிபந்தனையும் முடிந்தவர்கள் ராத் பணத்தை ஆர்.என்.ஓ.ஆர். முடிவதற்குள் அமெரிக்க வங்கிக் கணக்குக்கு எடுத்துக்கொள்வது நல்லது. இளையவர்கள், போட்ட அசலை மட்டுமாவது எடுக்கலாமா என்று பார்க்க வேண்டும். ராத் ஐ.ஆர்.ஏ.-வில் அசலுக்கு அபராதம் இல்லை.

சிங்கப்பூர், வளைகுடா நாடுகள், ஆஸ்திரேலியா அறிவிக்கப்பட்ட பட்டியலில் இல்லை. அங்கிருந்து வருபவர்களுக்கு 10-EE கிடையாது. அவர்களுக்கு 2-ஆம் படியில் உள்ள நாள் கணக்குத்தான் எல்லாம். வளைகுடாவில் வேலை முடிவுத் தொகையை அங்கேயே, என்.ஆர்.ஐ. ஆக இருக்கும் வருடத்திலேயே வாங்கிவிடுங்கள். சிங்கப்பூரில் நிரந்தர வாசம் பெற்றிருந்தவர், அதை விட்டுக் கொடுத்து சி.பி.எஃப். என்ற அந்நாட்டுச் சேமநிதித் தொகையை எடுப்பதாக இருந்தால், ஆர்.என்.ஓ.ஆர். முடியும் மார்ச் 31-க்கு முன் பணம் சிங்கப்பூர் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்திருக்க வேண்டும். விண்ணப்பம் போட்ட தேதி கணக்கில் வராது.